ஆர்.ஓ. இருந்தும் குழந்தைக்குக் காமாலை வந்தது எப்படி?

வாசகர் கேள்வி

டாக்டர், திருச்சி பக்கத்தில் ஒரு நகராட்சியில் இருக்கிறோம். காவிரித் தண்ணீர் ரெண்டு நாளுக்கு ஒருமுறை வரும். பத்தாது என்று போர் தண்ணீரையும் அதே சம்ப்பில்தான் விடுகிறோம். 5,000 லிட்டர் சம்ப். வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது. சம்ப் தண்ணீர் டி.டி.எஸ். 800, ஆர்.ஓ.வில் 110. முன்பு 40 இருந்தது, சத்து போய்விடும் என்று சர்வீஸ்காரர் 110-ல் வைத்துவிட்டுப் போனார். போன வருஷம் 11 வயது மகனுக்கு டைஃபாய்டு. இப்போது 7 வயது மகளுக்கு மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் ஏ என்கிறார்கள். கண்ணில் மஞ்சள் தெரிந்து நாலு நாள் ஆகிறது. கொதிக்க வைத்துக் கொடு என்கிறார் அத்தை. கொதித்தால் சத்தெல்லாம் செத்துவிடும், ஆர்.ஓ. போதும் என்கிறார் என் கணவர். சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. முடி கொட்டும், கேன்சர் வரும் என்று பயமாக இருக்கிறது. எதைச் செய்வது? ஐப்பசி மழையில் வாசலில் சம்ப் மூடி வரைக்கும் தண்ணீர் நின்றது, அதை மட்டும் சுத்தம் செய்யணும் என்று இருக்கிறேன்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

தண்ணீருக்கு முன்னால் குழந்தையைப் பற்றி இரண்டு வார்த்தை. மகள் அளவுக்கு மீறித் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மகனுக்கு இதுவரை காமாலை வந்ததில்லை, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியும் போட்டதில்லை என்றால் இன்றே குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். கிருமியோடு தொடர்பு ஏற்பட்ட 2 வாரத்துக்குள் போட்டால்தான் அந்த ஊசி இந்தச் சமயத்துக்கு உதவும். கழிப்பறைக்குப் போய்வந்தால் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசரை இதற்கு நம்ப வேண்டாம், இந்த வைரஸுக்கு அது போதாது.

இனி தண்ணீர். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மழைத் தண்ணீர் சம்ப் மூடி வரை நின்றது என்று, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். ஹெபடைடிஸ் ஏ உடம்புக்குள் போன அன்றே நோயாக வராது. 15 நாளிலிருந்து 50 நாள் வரை ஆகலாம், சராசரியாக 28 நாள். அப்படியென்றால் மகள் குடித்த கெட்ட தண்ணீர் இந்த வாரத்துத் தண்ணீர் அல்ல, ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முந்தையது. உங்கள் வாசலில் மழை தேங்கிய நாள்களோடு அது பொருந்துகிறது. பள்ளியிலோ கடையில் வாங்கித் தின்றதிலோ தொற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தெருவில் சாக்கடையோடு கலந்து நின்ற மழைநீர் சம்ப் மூடியின் விளிம்பு வழியாக உள்ளே இறங்கியிருந்தால், நான் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

"சரி, சம்ப் கெட்டால்தான் என்ன, குடிப்பது ஆர்.ஓ. தண்ணீர்தானே" என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அந்த 110-க்குள் இருக்கிறது.

டி.டி.எஸ். மீட்டர் கிருமியை எண்ணாது

தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்பின் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அந்த மீட்டரின் வேலை. கிருமி உப்பு அல்ல. ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு சாக்கடை நீரை விட்டுக் கலக்கிப் பாருங்கள், எண் ஏறக்குறைய முன்பு காட்டியதையேதான் காட்டும். குடிக்க முடியாத தண்ணீருக்கும் குடிக்கத் தக்க தண்ணீருக்கும் அங்கே ஒரே எண். இந்தியத் தரக் கட்டுப்பாட்டில் குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி என்று வைத்திருக்கிறார்கள். இது ருசிக்கும் உப்புக்கும் சொன்ன அளவு. டைஃபாய்டுக்கும் காமாலைக்கும் இதோடு தொடர்பில்லை.

இப்போது 40 எப்படி 110 ஆனது என்று பாருங்கள். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திறந்தால் ஆர்.ஓ. சவ்வைத் தொடாமல் கொஞ்சம் தண்ணீர் வேறு வழியாகச் சுற்றி வந்து, சுத்தமான தண்ணீரோடு கலக்கும். சத்து சேர்ப்பது என்று சர்வீஸ்காரர் சொன்னது பெரும்பாலும் இதைத்தான். கணக்குப் போட்டால், 800 உள்ள சம்ப் தண்ணீரையும் 40 உள்ள ஆர்.ஓ. தண்ணீரையும் கலந்து 110 கொண்டுவர, பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக சம்ப் தண்ணீர் வேண்டும். அதாவது மகள் குடித்த ஒவ்வொரு லிட்டரிலும் 90 மில்லி அளவுக்கு ஆர்.ஓ. சவ்வைப் பார்க்காத தண்ணீர் இருந்திருக்கிறது. சில மெஷின்களில் அந்தச் சுற்றுவழியிலும் யு.எஃப். இழையோ யு.வி. விளக்கோ இருக்கும். யு.எஃப். இழை பாக்டீரியாவைத் தடுக்கும், ஆனால் ஹெபடைடிஸ் ஏ போன்ற மிகச் சிறிய வைரஸுக்கு அதை நம்பிவிட முடியாது. யு.வி. விளக்கு வைரஸைக் கொல்லும். ஆனால் வருடம் ஆக ஆக அதன் வலு இறங்கும், கண்ணுக்கு நீலமாக எரிந்துகொண்டேதான் இருக்கும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்லைத் தேடிப் பாருங்கள். சத்துக்காக அந்தத் திருகைத் திறக்கத் தேவையே இல்லை. கால்சியம் பாலிலும் கேழ்வரகிலும் கீரையிலும் போதுமான அளவு கிடைக்கிறது.

இன்னொன்றும் மெஷினுக்குள் நடக்கிறது. ஆர்.ஓ.வுக்கு முன்னால் இருக்கும் கார்பன் குழல் குளோரினை முழுக்க உறிஞ்சிவிடும். சவ்வு கெடாமல் இருக்க அது தேவைதான். ஆனால் அதற்குப் பிறகு மெஷினின் சேமிப்புத் தொட்டியில் நிற்கும் தண்ணீருக்குக் காவல் எதுவும் இல்லை. தொட்டிக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் அது பாக்டீரியாப் படலம்.

மெஷினைச் சுற்றிக்கொண்டு போகிற வழிகள் சமையலறையிலும் உண்டு. பிள்ளைகள் பல் தேய்த்து வாய் கொப்பளிப்பது வாஷ்பேசின் தண்ணீரில்தானே? மோருக்கு விளாவுவது எந்தத் தண்ணீர்? கொத்தமல்லிச் சட்னி அரைக்கும்போது மிக்ஸியில் விடுவது? நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த காலத்தில், காமாலை வந்த வீடுகளில் "கொதிக்க வைத்த தண்ணிதான் குடிக்கிறோம்" என்று சொல்லாத வீடே கிடையாது. ஒரு வீட்டில் அதைச் சொல்லிக்கொண்டே எனக்கு மோர் கலந்து கொடுத்தார்கள், வாசல் குழாயில் சொம்பை நீட்டிப் பிடித்து.

கொதிக்க வைப்பது: உங்கள் அத்தை சொல்வது சரி

இப்போதைக்கு, வீட்டில் நோய் இருக்கும்வரை, அத்தை சொல்வதைத்தான் செய்யுங்கள். பாக்டீரியா, வைரஸ், அமீபா, குளோரினுக்கு மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வரை எல்லாவற்றையும் கொல்ல வீட்டில் இதைவிட நம்பகமான வழி கிடையாது. ஆனால் சூடு காட்டுவது வேறு, கொதிக்க வைப்பது வேறு. பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழி வந்து ஆவி எழும்போதே பலர் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அந்தச் சூடு பல கிருமிகளுக்குப் போதும் என்றாலும் ஹெபடைடிஸ் ஏ மற்றவற்றைவிடச் சூடு தாங்கக் கூடியது. கரண்டியால் கலக்கினாலும் அடங்காமல் தளதளவென்று கொதிக்க வேண்டும். அந்த நிலையில் 1 நிமிடம் வைத்தால் போதும். பதினைந்து இருபது நிமிடம் எரிப்பது எரிவாயுவை வீணாக்குவதுதான். ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அங்கே 3 நிமிடம் வையுங்கள்.

சத்து செத்துவிடும் என்று உங்கள் கணவர் பயப்படுவதற்குக் காரணமில்லை. தண்ணீரில் இருப்பது தாது உப்பு, அது கொதியில் சாகாது. கடின நீராக இருந்தால் சுண்ணாம்பில் கொஞ்சம் பிரிந்து பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், அவ்வளவுதான். ருசி சப்பென்று இருப்பதற்குக் காரணம் கரைந்திருந்த காற்று போய்விடுவது.

கொதிக்க வைப்பதால் முடியாதது ஒன்று உண்டு. உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் எதுவும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அவற்றின் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தத் தண்ணீரை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பல் கறை மாறாது. உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் சேர்த்துச் சோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமையோ நைட்ரேட் 45 மில்லிகிராமையோ தாண்டினால் அந்தப் போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும்தான்.

கொதித்த தண்ணீர் கெட்டுப்போவது பெரும்பாலும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். அதில் குளோரின் மிச்சம் இருக்காது, எனவே ஒரு விரல் பட்டாலும் தடுக்க ஆளில்லை. கொதித்த பாத்திரத்திலேயே மூடி போட்டு ஆறவிடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீர் விளாவ வேண்டாம், டம்ளரை உள்ளே விட்டு மொள்ளவும் வேண்டாம். குழாய் வைத்த பானை அல்லது எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும். இன்றைக்குக் கொதிக்க வைத்ததை நாளைக்குள் முடித்துவிடுங்கள்.

செலவையும் சொல்கிறேன். 20 லிட்டரைத் தினமும் கொதிக்க வைத்தால் ஒரு வீட்டு சிலிண்டர் இரண்டு மாதத்துக்குள் தீரும் என்பது என் கணக்கு. அவ்வளவு தண்ணீரைக் காலமெல்லாம் கொதிக்க வைப்பது எல்லோருக்கும் கட்டுபடியாகாது. அங்கேதான் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது வருகிறது.

குளோரின்: பயப்பட வேண்டியது அளவு தப்பினால்தான்

முடி கொட்டுவது பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். குடிநீரில் நாம் வைக்கும் அளவு லிட்டருக்கு அரை மில்லிகிராம் பக்கம்தான். கேன்சர் பேச்சுக்கு ஒரு அடிப்படை உண்டு. இலைதழைச் சாறும் அழுக்கும் உள்ள தண்ணீரில் குளோரின் சேர்ந்தால் சில வேண்டாத பொருள்கள் உண்டாகும். அதனால்தான் கலங்கல் தண்ணீரில் நேரே குளோரின் போடக் கூடாது, முதலில் தெளியவைத்து வடிகட்ட வேண்டும் என்கிறோம். ஆனால் அந்தச் சிறிய ஆபத்தையும், வீட்டில் இரண்டு வருடத்தில் இரண்டு பிள்ளைகள் படுத்த ஆபத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எனக்கு இதில் தயக்கமே இல்லை.

குளோரின் பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லும். டைஃபாய்டுக்கும் ஹெபடைடிஸ் ஏ-வுக்கும் நல்ல மருந்து. கிரிப்டோஸ்போரிடியத்தை அது தொடாது. உப்பையும் ஃபுளோரைடையும் எடுக்காது. கொதிக்க வைப்பதில் இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. கொன்று முடித்த பிறகும் கொஞ்சம் தண்ணீரிலேயே மிச்சம் இருந்து காவல் காக்கும்.

கடையில் வாங்கும் பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது அதில் குளோரின் 33 சதவீதம் வரை இருக்கும். திறந்து வைத்தால், ஈரம் பட்டால், வெயில் பட்டால் இறங்கிக்கொண்டே போகும். கட்டிதட்டி, மூக்கில் காரம் ஏறாமல் இருந்தால் அது வெறும் சுண்ணாம்புத் தூள், தூக்கிப் போடுங்கள். நான் 25 சதவீதம் என்று வைத்துக் கணக்குச் சொல்கிறேன். மளிகைக் கடைத் தராசில் 40 கிராம் நிறுத்து வாங்குங்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு மொத்தம் 1 லிட்டராக்கிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்கும் நீர்தான் நமக்கு வேண்டியது. வெட்டவெளியில் செய்யுங்கள், கையுறை போடுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும்.

இந்த ஒரு லிட்டர் தெளிவு நீர் 5,000 லிட்டர் சம்ப்புக்குச் சரியாக ஒருமுறைக்கு வரும், லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கு. சம்ப் பாதிதான் நிறைந்திருக்கிறது என்றால் பாதி ஊற்றுங்கள். 15 லிட்டர் குடத்துக்கு இதே நீரில் 3 மில்லி போதும். ஊசியில்லாத சிரிஞ்ச் மருந்துக் கடையில் கிடைக்கும், அதில் அளந்து விட்டுக் கலக்கி, மூடி வைத்து 30 நிமிடம் காத்திருங்கள். அரை மணிக்கு முன்னால் குடித்தால் குளோரின் வாசனை இருக்கும், வேலை முடிந்திருக்காது. மிச்சத்தைக் கருப்புக் கவரில் சுற்றிய பாட்டிலில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், மேலே பெயர் எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். இதெல்லாம் தொல்லை என்றால் மருந்துக் கடையில் குளோரின் மாத்திரை உண்டு. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும், அட்டையைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

போட்டது போதுமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நகராட்சி ஊழியர்கள் கையில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்களே, குளோரோஸ்கோப், அது கடையிலும் கிடைக்கும். குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் உடனே மஞ்சளாகும். பெட்டியில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, காமாலை உள்ள உங்கள் வீட்டில் 0.5 இருக்கட்டும். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அந்த மருந்து குடிக்கக் கூடாதது.

அந்தப் பெட்டி கையில் வந்ததும் நான்கு இடங்களில் பாருங்கள். நகராட்சித் தண்ணீர் வரும்போது தெருக் குழாய், சம்ப், மேல்நிலைத் தொட்டி வழியாக வரும் சமையலறைக் குழாய், கடைசியாக ஆர்.ஓ. கடைசியில் நிறம் வராது, கார்பன் உறிஞ்சிவிடுவதால் அது இயல்பு. தெருக் குழாயில் மஞ்சள் வந்து, சம்ப்பில் நிறமே வராமல் போனால், இடையில் ஏதோ அழுக்கு குளோரினைத் தின்றிருக்கிறது என்று பொருள். போர் தண்ணீரில் குளோரின் கிடையாது என்பதால், காவிரித் தண்ணீர் மட்டும் விட்ட நாளில் பார்த்தால் குழப்பம் வராது. ஒரு சிற்றூரில் காமாலை பரவியபோது இப்படியே தெருத் தெருவாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு தெருமுனை வரை மஞ்சள், அடுத்த வீட்டிலிருந்து வெள்ளை. நடுவில் குழாய் சாக்கடைக்குள் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வராத நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லாமல், பழுதுபட்ட மூட்டு வழியாக வெளியில் இருந்ததை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

வடிகட்டுவது: எதை எடுக்கும், எதை விடும்

வெள்ளைத் துணியில் வடிகட்டுவது மண், புழு, தூசியை எடுக்கும். வங்கதேசத்தில் பழைய சேலையை எட்டு மடிப்பாக்கி வடிகட்டிக் குடித்த ஊர்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. காலரா கிருமி தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பூச்சிகளில் ஒட்டிக்கொண்டு வருவதால், பூச்சி துணியில் சிக்கும்போது கிருமியும் சிக்கியது. துவைத்துத் துவைத்து நைந்த துணியில் நூல் பிரிந்து துளை சிறிதாகியிருக்கும், அதனால் புதிதைவிடப் பழையது நல்லது. ஆனால் தனியாகத் திரியும் டைஃபாய்டு கிருமியும் காமாலை வைரஸும் துணியில் நிற்காது. தேத்தான் கொட்டையும் படிகாரமும் அப்படித்தான், கலங்கலைத் தெளியவைக்கும், கிருமியைக் கொல்வதை நம்பக் கூடாது.

கேண்டில் ஃபில்டர் பெரும்பாலான பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸை விட்டுவிடும். கேண்டிலில் மயிரிழை விரிசல் இருந்தால் பாக்டீரியாவும் போகும். எனவே வடிகட்டல் முதலில், குளோரினோ கொதியோ பிறகு. கொதிக்க வைத்ததைக் கேண்டிலில் ஊற்றுகிற வீடுகள் நிறைய. கேண்டிலில் வளர்ந்ததை நல்ல தண்ணீரில் கலக்குவதுதான் அது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது

சம்ப்பிலிருந்து ஆரம்பியுங்கள். தண்ணீரை இறைத்து, மோட்டார் மின்சாரத்தை மெயினிலேயே அணைத்து, மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டுப் பிறகே ஆள் இறங்கட்டும். தனியாக இறங்கவே கூடாது, மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும். பெட்ரோல், டீசல் பம்ப்பை உள்ளே இறக்கி ஓட்டவே கூடாது, அதன் புகை ஆளைக் கொல்லும். தேய்த்துக் கழுவியபின் சம்ப்பை நிரப்பி, 1 கிலோ பவுடரை மேலே சொன்னபடி பெரிய வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். அந்த இரவு யாரும் அதைத் தொடவோ குடிக்கவோ வேண்டாம். ஆர்.ஓ.வுக்குப் போகும் குழாயை மூடி வையுங்கள், சவ்வு போய்விடும். மறுநாள் வாடை போகும்வரை வடித்து, நல்ல தண்ணீரால் அலசுங்கள். மூடியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குக் கட்டி எழுப்பி, விளிம்பைப் பூசி அடைத்துவிடுங்கள். சம்ப்புக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதையும் கொத்தனாரிடம் கேளுங்கள். சுவரில் கசிவு தெரிந்தால் பூச்சு மட்டும் போதாது.

அடுத்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. குடிக்கவும் சமைக்கவும் உங்களுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் ஆகாது. அதற்காக 5,000 லிட்டரையும் போர் தண்ணீரோடு கலந்து கெடுத்து, பிறகு மெஷின் வைத்து உப்பை எடுப்பானேன்? காவிரித் தண்ணீர் வரும்போது நேரே குழாயிலிருந்து, மூடியும் குழாயும் வைத்த 100 லிட்டர் டிரம்மில் துணி கட்டிப் பிடித்துவிடுங்கள். குளோரின் பாருங்கள். 0.5 இருந்தால் எதுவும் சேர்க்க வேண்டாம், இல்லாவிட்டால் அந்த 3 மில்லிக் கணக்கில் சேருங்கள், 100 லிட்டருக்கு 20 மில்லி வரும். காவிரித் தண்ணீரின் டி.டி.எஸ்.ஸைத் தனியாக ஒருமுறை அளந்து பாருங்கள். 500-க்குள் இருந்தால் உங்களுக்கு ஆர்.ஓ.வே தேவையில்லை. ஆர்.ஓ. 1 லிட்டர் தரும்போது வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே கழிவு நீராக வெளியே விடுகின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

டிரம் வைக்க இடமில்லை, போர் தண்ணீரைப் பிரிக்க முடியாது என்றால் மெஷினை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திருகை முழுக்க மூடச் சொல்லுங்கள், யு.வி. விளக்கை மாற்றுங்கள், தொட்டியைக் கழுவுங்கள், சம்ப்புக்குக் குளோரின் போடுவதையும் விட வேண்டாம். பல் தேய்க்கவும் மோருக்கும் சட்னிக்கும் குடிக்கிற தண்ணீரையே எடுங்கள்.

எந்த வழியானாலும், மகள் தேறி ஒரு மாதம் வரை குடிப்பதைக் கொதிக்க வையுங்கள். அதற்குள், மலக் கலப்பைக் காட்டும் ஹெச்2எஸ் குப்பி கடையில் கிடைக்கும், அதில் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை சோதித்துப் பாருங்கள். குளோரின் உள்ள தண்ணீரில் அந்தச் சோதனை சரியாகப் பேசாது, அதனால் மெஷினிலிருந்து வரும் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும்தான் அது. குறித்த அளவு வரை தண்ணீர் பிடித்து, வீட்டுச் சூட்டில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், மலக் கலப்பு இருந்தால் கறுத்துவிடும். கறுக்காவிட்டால் பாக்டீரியாக் கலப்பு தெரியவில்லை என்று பொருள், வைரஸே இல்லை என்று பொருளில்லை. குளோரோஸ்கோப்பைத் தினமும் பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

தெருக் குழாயிலேயே மஞ்சள் வரவில்லை என்றால் அது உங்கள் வீட்டோடு தீராது. தேதி, நேரம், எந்தக் குழாய் என்று எழுதி நகராட்சிப் பொறியாளர் பிரிவுக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் மனு கொடுங்கள். அதே தெருவில் வேறு யாருக்கும் காமாலை இருக்கிறதா என்றும் கேட்டு, வீட்டு எண்களை அதில் சேருங்கள். இரண்டு மூன்று வீடு வரிசையாக இருந்தால், எந்த மூட்டில் தோண்டிப் பார்ப்பது என்பது அவர்களுக்கு அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.